லீவு கேட்காதீங்க... டூட்டி கேளுங்க!

*தேசியப் பயிற்சி முகாமுக்கு அழைப்பு வந்த ஊழியர், மேலதிகாரிக்கு என்ன எழுத வேண்டும்? கும்பகோணத்து அஞ்சலகத்திலும் ஜவுளிக் கடையிலும் வேலை பார்க்கும் வீரர்களுக்கான சிறப்புக் கட்டுரை*

டோக்கியோ, 2021 ஜூலை 30. கொரோனாவால் ஒலிம்பிக் மைதானத்தில் ரசிகர்கள் ஒருவர்கூட இல்லை. கலப்பு 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தின் தகுதிச் சுற்று. முகம்மது அனஸ் முதல் வட்டத்தை ஓடி முடித்துத் தடியை நீட்ட, அதை வாங்கிக்கொண்டு பாய்கிறார் மதுரைப் பெண் ரேவதி வீரமணி. அவர் கையிலிருந்து திருச்சி சுபா வெங்கடேசனுக்கு. சுபாவிடமிருந்து ஆரோக்கிய ராஜீவுக்கு, அவரும் திருச்சி மாவட்டத்துக்காரர்தான். இந்திய அணி 3 நிமிடம் 19.93 விநாடியில் ஓடி முடித்தது. இறுதிச் சுற்றுக்குப் போக அந்த நேரம் போதவில்லை. ஆனாலும் நான்கு பேரில் மூவர் தமிழ்நாட்டவர் என்று ஊரெல்லாம் பேசினோம்.

அந்த நால்வரின் வேலையைப் பற்றி அப்போது நாம் அதிகம் பேசவில்லை. அனஸ் கடற்படையில் இருந்தார். ராஜீவ் தரைப்படையில். ரேவதி தெற்கு ரயில்வேயின் மதுரைக் கோட்டத்து ஊழியர். சக்கிமங்கலத்தில் பாட்டி ஆரம்மாளால் வளர்க்கப்பட்டு, பயிற்சியாளர் கண்ணனின் கண்ணில் பட்டு, வெறுங்காலோடு ஓடத் தொடங்கியவர் அவர். டோக்கியோ அணிக்கான தேர்வு ஓட்டத்தில், 2021 ஜூலை 4 அன்று, பாட்டியாலாவில் 53.55 விநாடியில் ஓடி முதலாவதாக வந்தார். மதுரைக் கோட்டத்தின் சம்பளப் பட்டியலில் பெயர் இருந்தவர், பஞ்சாபில் தேசிய முகாமில் இருந்தார்.

ஓர் ஊழியர் அப்படி இருக்க வேண்டுமானால், அதற்கு முன்னால் எங்கோ ஓர் அலுவலகத்தில் ஒரு ஃபைல் நகர்ந்திருக்க வேண்டும். அந்த ஃபைலின் முதல் தாள் ஒரு விண்ணப்பக் கடிதம். காவிரிக் கரையில் கால் பதித்து ஓடும் பிள்ளைகள் பலர் இடறி விழுவது அந்தக் கடிதத்தில்தான்.

காவிரிக் கரையில் யார் எழுதுகிறார்கள்?

கும்பகோணம் வேலைக்காரர்களின் ஊர். அஞ்சல் கோட்ட அலுவலகம் இங்கே இருக்கிறது. அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் தலைமையகம் இருக்கிறது. 1904இல் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கிக்கும் இதுதான் தலைமையிடம். ஜவுளிக் கடைகளும் நகைக் கடைகளும் பாத்திரக் கடைகளும் தெருத்தெருவாக. பக்கத்தில் மயிலாடுதுறையில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சி மையம். வடுவூர்ப் பக்கம் போனால் கபடி. மும்முறைத் தாண்டுதலில் 2023 மே மாதம் ஹவானாவில் 17.37 மீட்டர் தாண்டித் தேசிய சாதனை படைத்த பிரவீன் சித்திரவேல், திருவாரூர் மாவட்டத்துப் பிள்ளை.

வீரர்கள் இருக்கிறார்கள், வேலையும் கிடைக்கிறது. மத்திய அரசில் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. தமிழக அரசுப் பணிகளிலும் 3 சதவீதம் உண்டு. வேலை கிடைத்த பிறகுதான் சிக்கல் ஆரம்பம். முகாமுக்கு அழைப்பு வந்தால் பையன் என்ன செய்கிறான்? ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, "எனக்கு மூன்று மாதம் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதிவிடுகிறான். அந்த ஒரு வரியில் அவன் எதையெல்லாம் இழக்கிறான் என்பதை யாரும் அவனுக்குச் சொல்வதில்லை.

இரண்டு கதவுகள்

மத்திய அரசு ஊழியருக்கு விதி தெளிவாகவே இருக்கிறது. தேசிய, சர்வதேசப் போட்டிகளுக்குத் தேர்வான ஊழியர் போட்டியில் இருக்கும் நாள்களும், போய்வரும் பயண நாள்களும் பணியாகவே கருதப்படலாம் என்று 1985 ஜூலையில் மத்திய பணியாளர் துறை ஒரு குறிப்பாணை வெளியிட்டது. அதே குறிப்பாணையில் இன்னொரு வாக்கியமும் இருக்கிறது. அந்தப் போட்டிக்கு முன்னதாகப் பயிற்சி முகாம் நடந்து, ஊழியர் அதில் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டியிருந்தால், அந்த நாள்களையும் பணியாகவே கருதலாம். அலுவலக மொழியில் சொன்னால், 'ஆன் டூட்டி'. இது முதல் கதவு.

இரண்டாவது கதவின் பெயர் சிறப்புத் தற்செயல் விடுப்பு. பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தில் நடக்கும் பயிற்சி முகாமுக்கும், அங்கீகரிக்கப்பட்ட தேசிய சம்மேளனங்கள் நடத்தும் முகாம்களுக்கும் இது உண்டு. ஆனால் ஒரு காலண்டர் ஆண்டில் 30 நாள்தான். அதற்கு மேல் போனால், ஊழியரின் சொந்தக் கணக்கில் இருக்கும் ஈட்டிய விடுப்பிலிருந்து கழியும். சாதாரணமாகத் தற்செயல் விடுப்பையும் ஈட்டிய விடுப்பையும் சேர்த்து எடுக்க முடியாது. விளையாட்டுக்காரர்களுக்கு மட்டும் விலக்கு அளித்து, இரண்டையும் சேர்க்க அனுமதித்திருக்கிறார்கள்.

இரண்டுக்கும் பாட்டியாலாதான் முகவரி, ஒரே மைதானம்தான், சாப்பாட்டுக் கூடமும் ஒன்றுதான். வித்தியாசம் முகாமில் இல்லை. 'எந்தப் போட்டிக்காக இந்த முகாம்?' என்ற கேள்விக்கு ஊழியர் கையில் இருக்கும் தாள் பதில் சொல்கிறதா என்பதில் இருக்கிறது. அழைப்புக் கடிதத்தில் வெறுமனே 'தேசியப் பயிற்சி முகாம்' என்று மட்டும் இருந்தால், பிரிவு எழுத்தர் அதை இரண்டாவது கதவுக்குத்தான் அனுப்புவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. '2026 ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான ஆயத்த முகாம்' என்று ஒரு வரி இருந்தால், முதல் கதவைத் தட்ட வழி பிறக்கிறது. அந்த ஒரு வரியைச் சம்மேளனத்திடம் கேட்டு வாங்குவது வீரரின் வேலை. கேட்டால் கொடுப்பார்கள், ஆனால் பெரும்பாலானவர்களுக்குக் கேட்க வேண்டும் என்றே தெரிவதில்லை.

> பெட்டிச் செய்தி: முகாமுக்கு யார் செலவு செய்கிறார்கள்?
>
> ஒவ்வொரு விளையாட்டுச் சம்மேளனமும் ஆண்டுதோறும் பயிற்சி, போட்டிகளுக்கான நாள்காட்டி ஒன்றைத் தயாரித்து, இந்திய விளையாட்டு ஆணையத்தோடு பேசி முடிவு செய்கிறது. அந்த நாள்காட்டியில் இடம்பெற்ற முகாம்களுக்குத் தங்குமிடம், சாப்பாடு, பயிற்சியாளர், மருத்துவ உதவி எல்லாவற்றுக்கும் அரசு நிதி தருகிறது. வேலை கொடுத்தவர் தலையில் விழுவது சம்பளமும், ஆள் இல்லாத நாள்களைச் சமாளிக்கும் சிரமமும் மட்டுமே. 1961இல் பாட்டியாலாவின் மோதிபாக் அரண்மனையில் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனம்தான் தடகள முகாம்களின் முக்கிய இடம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

கும்பகோணம் தலைமை அஞ்சலகத்தில் ஓர் அஞ்சல் உதவியாளர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வேலையில் சேர்ந்து மூன்று ஆண்டு. 400 மீட்டர் ஓடுகிறார். ஆசிய விளையாட்டுப் போட்டி 2026 செப்டம்பர் 19 அன்று ஜப்பானின் அய்ச்சி-நகோயாவில் தொடங்குகிறது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 12 வரை முகாம் என்று அழைப்பு வருகிறது. ஜூனில் 16 நாள், ஜூலையில் 31, ஆகஸ்டில் 31, செப்டம்பரில் 12. ஆக 90 நாள். இடையில் வரும் ஞாயிறுகளையும் பண்டிகை விடுமுறைகளையும் கழிக்காமல், புரிவதற்காக எல்லா நாளையும் எண்ணுவோம்.

முகாம் முழுவதும் பணி என்று ஏற்கப்பட்டால், 90 நாளும் சம்பளத்தோடு கழியும். விடுப்புக் கணக்கில் ஒரு நாள்கூடக் குறையாது. கும்பகோணத்திலிருந்து பாட்டியாலாவுக்கு ரயிலில் போக எப்படியும் இரண்டரை நாள் ஆகும். போட்டிப் பயணம் என்ற வகையில் அந்த நாள்களையும் பணியில் சேர்க்கக் கேட்கலாம்.

'விடுப்பு' என்று எழுதிக் கொடுத்தால் கணக்கு மாறுகிறது. 30 நாள் சிறப்புத் தற்செயல் விடுப்பு. மீதி 60 நாளும் ஈட்டிய விடுப்பு. மத்திய அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு 30 நாள்தான் ஈட்டிய விடுப்பு சேரும், ஆறு மாதத்துக்கு 15 வீதம். ஆக, இரண்டு ஆண்டு சேமிப்பு ஒரே முகாமில் கரைந்துவிடும். அஞ்சல் உதவியாளரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 25,500 ரூபாய். ஓய்வு பெறும்போது பணமாகக் கிடைத்திருக்க வேண்டிய இரண்டு மாதச் சம்பளம் அது. அடுத்த ஆண்டு தசைநார் கிழிந்து படுக்க நேர்ந்தால் எடுக்க லீவு இருக்காது. விடுப்பே இல்லாமல் போனால் அசாதாரண விடுப்பு. சம்பளமும் கிடையாது, ஊதிய உயர்வு தேதி தள்ளிப்போகவும் இடமுண்டு.

காலண்டர் ஆண்டு என்பதால் இதில் ஒரு நுணுக்கமும் இருக்கிறது. இதே 90 நாள் முகாம் டிசம்பர் 1 அன்று தொடங்கிப் பிப்ரவரி 28 வரை நடந்தால், டிசம்பரில் 30 நாளும், புத்தாண்டு பிறந்ததும் இன்னொரு 30 நாளும் சிறப்புத் தற்செயல் விடுப்பாகக் கேட்கலாம். சொந்த விடுப்பில் 30 நாள் மட்டுமே கழியும். முகாம் தேதிகளை வீரர் தீர்மானிப்பதில்லை என்றாலும், எந்த நாளை எந்தக் கணக்கில் கேட்பது என்பது அவர் கையில்தான்.

முதல் கதவிலும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. முகாமுக்கு முப்பது பேரை அழைப்பார்கள், போட்டிக்குப் போவது சிலர்தான். 'நீங்கள் இன்னும் அணிக்குத் தேர்வாகவில்லையே, உத்தேசப் பட்டியலில்தானே இருக்கிறீர்கள்?' என்று அலுவலகம் கேட்டால், அது நியாயமான கேள்வி. விதி 'தேர்வானவர்' என்றுதான் பேசுகிறது. அப்படிக் கேட்டால் சண்டை போட வேண்டாம். முதல் 30 நாளைச் சிறப்புத் தற்செயல் விடுப்பில் தொடங்கிவிட்டு, அணி அறிவிப்பு வந்த அன்றே அதன் நகலை இணைத்து, முகாம் முழுவதையும் பணியாகக் கருதும்படி இரண்டாவது கடிதம் எழுதலாம். முதல் கடிதத்திலேயே 'அணித் தேர்வுக்குப் பிறகு இந்த நாள்களைப் பணியாக மாற்றக் கோருவேன்' என்று ஒரு வரி போட்டு வைத்தால் இன்னும் நல்லது.

> பெட்டிச் செய்தி: மாதிரிக் கடிதம்
>
> *(அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் போகலாம். சாரம் இதுதான்.)*
>
> அனுப்புநர்: அஞ்சல் உதவியாளர், தலைமை அஞ்சலகம், கும்பகோணம்.
>
> பெறுநர்: அஞ்சல் கண்காணிப்பாளர், கும்பகோணம் கோட்டம். (போஸ்ட்மாஸ்டர் வழியாக)
>
> பொருள்: 2026 ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான ஆயத்த முகாம் – பணியாகக் கருதி விடுவிக்கக் கோருதல்.
>
> ஐயா, மேற்படி போட்டிக்கான ஆயத்த முகாமில் கலந்துகொள்ளும்படி சம்மேளனம் என்னை அழைத்துள்ளது. முகாம் ஜூன் 15 முதல் செப்டம்பர் 12 வரை பாட்டியாலாவில் நடைபெறும். சம்மேளனத்தின் தேர்வுப் பட்டியலும் விளையாட்டு ஆணையத்தின் முகாம் கடிதமும் இணைக்கப்பட்டுள்ளன.
>
> 1985 ஜூலை மாதக் குறிப்பாணையின்படி முகாம் நாள்களைப் பணியாகக் கருதுமாறு வேண்டுகிறேன். அதற்கு இயலாத நாள்கள் இருப்பின், சிறப்புத் தற்செயல் விடுப்பும், அதற்கு மேல் ஈட்டிய விடுப்பும் வழங்கலாம்.
>
> என் கவுண்டர் வேலையைக் கவனிக்க இரண்டு சக ஊழியர்கள் சம்மதித்துள்ளனர். அவர்களின் கையொப்பம் இணைப்பில் உள்ளது. முகாமின் செலவை விளையாட்டு ஆணையம் ஏற்கிறது. மாதந்தோறும் முகாமின் வருகைச் சான்றிதழை அனுப்பிவைப்பேன். முகாம் முடிந்ததும் அகில இந்திய அஞ்சல் தடகளப் போட்டியில் நம் வட்டத்துக்காக ஓடுவேன்.
>
> ஜூன் 11 பிற்பகல் என்னை விடுவித்தால் குறித்த நாளில் முகாமில் சேர இயலும்.

'விடுவிப்பு ஆணை' இல்லாமல் ரயில் ஏறாதீர்கள்

கடிதம் கொடுத்த அன்றே காரியம் முடிந்ததாக நினைப்பது பெரிய ஆபத்து. போஸ்ட்மாஸ்டருக்கோ கிளை மேலாளருக்கோ இவ்வளவு நாளுக்கு அனுமதி தரும் அதிகாரம் பெரும்பாலும் இருக்காது. அவர் பரிந்துரைப்பார். ஃபைல் கோட்ட அலுவலகத்துக்குப் போகும், சில நேரம் வட்ட அலுவலகம் வரைக்கும். அதற்குள் முகாம் தேதி நெருங்கிவிடும். சம்மேளனப் பட்டியல் முதலில் வாட்ஸ்அப்பில்தான் வந்து சேர்கிறது. கையெழுத்திட்ட கடிதம் வர ஒரு வாரம் ஆகலாம். அந்த இடைவெளியில் 'சார் வாயால சொல்லிட்டார், கிளம்பிடலாம்' என்று பையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

எழுத்தில் விடுவிப்பு ஆணை இல்லாமல் போனால், வருகைப் பதிவேட்டில் அது அனுமதியில்லாத வராமை. அதை 'டைஸ்நான்' என்று பதிந்துவிட்டால் அந்த நாள்களுக்குச் சம்பளமும் இல்லை, அவை பணிக் காலத்திலும் சேராது. வாயால் சொன்ன அதிகாரி அதற்குள் மாற்றலாகிப் போயிருப்பார். பதக்கத்தோடு திரும்பினாலும் ஃபைலில் இருக்கும் வார்த்தை தானாக மாறாது.

அதனால் பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்த அன்றே, அதன் நகலோடு ஒரு முன்னறிவிப்புக் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கிவிட வேண்டும். ஒரிஜினல் வந்ததும் இரண்டாவது கடிதம். முகாமில் சேர்ந்த அன்று சேர்க்கை அறிக்கையின் நகல். முகாம் முடிந்ததும் கலந்துகொண்ட சான்றிதழ். இந்த நான்கு தாளும் ஒரே ஃபைலில் இருந்தால், பின்னால் யார் வந்து கேட்டாலும் பதில் தயார்.

ஊக்கமருந்துப் பரிசோதனை விஷயமும் இதோடு பின்னிக் கிடக்கிறது. பரிசோதனைப் பட்டியலில் பதிவான முன்னணி வீரர்கள் தினமும் எந்த ஒரு மணி நேரம் எங்கே இருப்பார்கள் என்பதை மூன்று மாதத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். பாட்டியாலா என்று எழுதிக் கொடுத்துவிட்டு, விடுவிப்பு ஆணை வராமல் கும்பகோணத்திலேயே கவுண்டரில் உட்கார்ந்திருந்தால், பரிசோதகர் அங்கே தேடுவார். 12 மாதத்துக்குள் மூன்று முறை இப்படித் தவறினால் அதுவே விதிமீறல். இரண்டு ஆண்டுத் தடைக்கும் இடமுண்டு. ஃபைல் தாமதமானால் இருப்பிடத் தகவலையும் அன்றன்றைக்கே மாற்ற வேண்டும் என்பதை வீரர் மறக்கக் கூடாது.

ஜவுளிக் கடைக்கு எந்த விதி?

அரசு ஊழியருக்கு ஒரு குறிப்பாணையாவது இருக்கிறது. கடைத்தெருவில் வேலை பார்க்கும் வீரருக்கு அதுவும் இல்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 ஓராண்டு வேலை பார்த்தவருக்கு 12 நாள் சம்பள விடுமுறை தருகிறது. தற்செயல் விடுப்பு 12, நோய்க்கு 12. விளையாட்டுக்கென்று தனி விடுப்பு அதில் கிடையாது. இங்கே கேட்பது உரிமை அல்ல, ஒப்பந்தம். முதலாளி மனசு வைக்க வேண்டும். மனசு வைக்க அவருக்குக் காரணமும் வேண்டும்.

முதலில் அவருடைய சிரமத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். நம் மாதிரிக் கணக்கின் முகாம் ஆடி மாதத்தை அப்படியே விழுங்குகிறது. ஆடித் தள்ளுபடி நேரத்தில் சேலைப் பிரிவில் ஓர் ஆள் குறைந்தால் கடைக்காரருக்கு என்ன ஆகும் என்பது கும்பகோணத்தில் எல்லோருக்கும் தெரியும். போக்குவரத்துக் கழக டிப்போவில் மாசி மகத்துக்கு லீவு கேட்பதும் அப்படித்தான். 2028இல் மகாமகம் வருகிறது. அந்த நேரத்தில் ஒரு டிரைவரை விடுவிக்கச் சொன்னால் மேலாளர் தயங்கத்தான் செய்வார். 'நாட்டுக்காக ஓடுறேன் சார்' என்று மட்டும் எழுதினால் இந்தத் தயக்கத்துக்குப் பதில் கிடைக்காது. தீபாவளி வேலைக்கு எந்தத் தேதியில் திரும்பி வருவேன், ஆடிக்கு யார் என் இடத்தில் நிற்பார்கள் என்று எழுதினால்தான் பேச்சு நகரும்.

சம்பளமில்லாத விடுப்புக்கு முதலாளி சம்மதித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் நினைத்துவிடக் கூடாது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு. நோய்க்கால உதவித்தொகை வாங்க, ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்காவது சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 183 நாள். 90 நாள் சம்பளமில்லாமல் முகாமில் இருந்தால் 93 நாள் மிஞ்சும், தப்பிவிடலாம். முகாம் 120 நாளாக நீண்டால் மிஞ்சுவது 63. அதன் விளைவு ஜனவரி முதல் ஜூன் வரை தெரியும். முகாமில் வாங்கிய முழங்கால் காயத்துக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு படுத்திருக்கும் நேரத்தில், அந்த உதவித்தொகை கிடைக்காது. அந்த 120 நாளில் 15 நாளைச் சம்பள விடுமுறையாகத் தரச் சொல்லிக் கேட்டால் 78ஐத் தொட்டுவிடலாம். முதலாளிக்கு ஆகும் செலவு பதினைந்து நாள் சம்பளம். அதிலும் 12 நாள் சட்டப்படி அவர் ஏற்கெனவே தர வேண்டியதுதான்.

முதலாளிக்கு என்ன லாபம்?

இந்தக் கேள்விக்கு வீரர்கள் எழுதும் பதில் பெரும்பாலும் 'நிறுவனத்துக்குப் பெருமை சேரும்' என்பது. இந்தப் பதிலை நான் எழுத வேண்டாம் என்பேன். பெருமை எங்கே, எப்போது, எந்த வடிவில் சேரும் என்று யோசித்தால் அதில் ஓட்டை தெரியும். மாநிலங்களுக்கு இடையிலான தேசியத் தடகளத்தில் ஒருவர் தமிழ்நாட்டுக்காக ஓடுகிறார், அங்கே நிறுவனத்தின் பெயர் வராது. தேசிய ஓப்பன் தடகளத்தில்தான் ரயில்வேயும் சர்வீசஸும் தனி அணியாக இறங்குகின்றன. ரயில்வேக்கு விளையாட்டு மேம்பாட்டு வாரியம் 1928இலிருந்து இருக்கிறது. பெட்ரோலிய நிறுவனங்களுக்கும் இப்படி ஒரு வாரியம் உண்டு. துறைகளுக்கு இடையிலான போட்டிகளில் முகாமில் பயிற்சி பெற்று வந்த ஓர் ஆள் அணியில் இருப்பது நேரடி லாபம். அரசுத் துறை ஊழியர் கடிதத்தில் எழுத வேண்டியது, எந்தப் போட்டியில், எந்த மாதத்தில் துறைக்காக ஓடுவேன் என்பதைத்தான்.

தனியார் கடைக்காரரின் மனதில் ஓடுவது விளம்பரம். நம் ஊரில் ஒரு பிள்ளை ஒலிம்பிக் போகிறது என்றால், விடிவதற்குள் மகாமகக் குளத்தைச் சுற்றி ஃபிளெக்ஸ் முளைத்துவிடும். இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். ஐந்து வளையச் சின்னத்தை யாரும் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ள முடியாது. ஒலிம்பிக் நடக்கும் நாள்களில் பங்கேற்பாளரின் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்த ஒலிம்பிக் சாசனத்தின் 40ஆம் விதி கட்டுப்பாடு விதிக்கிறது. ஆர்வக்கோளாறில் கடைக்காரர் வைக்கும் பேனர் வீரருக்கே தலைவலியாக முடியலாம். அதனால் விளம்பர வாக்குறுதியைக் கடிதத்தில் எழுதாமல் இருப்பது நல்லது. எழுதினாலும், போட்டி முடிந்த பிறகு, விதிக்கு உட்பட்டு என்று எழுத வேண்டும்.

பெரிய நிறுவனங்கள் இன்னொன்றும் கேட்கும். 'இந்தச் சம்பளத்தை சி.எஸ்.ஆர். கணக்கில் காட்டலாமா?' காட்ட முடியாது. கம்பெனிகள் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் கிராமிய விளையாட்டு, ஒலிம்பிக், பாராலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சி இடம்பெறுவது உண்மைதான். ஆனால் சொந்த ஊழியர்களுக்குப் பயன்படும் செலவு சமூகப் பொறுப்புச் செலவாகாது என்று விதி சொல்கிறது. அதே விதியில் இன்னொரு சுவாரசியமான விலக்கும் இருக்கிறது. பொதுவாக வெளிநாட்டில் செய்யும் செலவு சி.எஸ்.ஆரில் சேராது. மாநிலத்தையோ நாட்டையோ பிரதிநிதித்துவம் செய்யும் இந்திய வீரர்களின் வெளிநாட்டுப் பயிற்சி மட்டும் சேரும். தன் ஊழியருக்காக இல்லாவிட்டாலும், மயிலாடுதுறை மைதானத்தில் ஓடும் இன்னொரு பிள்ளைக்காக நிறுவனம் அந்த வழியைப் பயன்படுத்தலாம்.

என் கணிப்பில், முதலாளிக்குக் கிடைக்கும் மிக நிச்சயமான லாபம் வேறு. கேட்டதும் அனுப்பிவைத்த முதலாளியிடம் ஆள் தங்குவார். அனுப்ப மறுத்தால், அடுத்த விளையாட்டு ஒதுக்கீட்டு அறிவிப்பு வந்ததும் ரயில்வேக்கோ போலீசுக்கோ போய்விடுவார். நெளிவுசுளிவு தெரிந்த விற்பனையாளர் ஒருவரை இழந்து, புது ஆளை எடுத்துப் பழக்கும் செலவு என்ன என்பதைக் கடைக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

திரும்பி வந்த பிறகு

முகாமிலிருந்து திரும்பியவருக்குக் காத்திருக்கும் பிரச்சினை பதவி உயர்வு. மதிப்பீட்டு அறிக்கை எழுதும் அதிகாரி, 'இவர் ஆண்டில் பாதி நாள் இல்லையே' என்று சுமாராக மார்க் போடுவார். துறைத் தேர்வு நடந்த நாளில் ஆள் பாட்டியாலாவில் இருந்திருப்பார். இப்படியே சில ஆண்டு போனால், கூடச் சேர்ந்தவர்கள் இரண்டு படி மேலே இருப்பார்கள்.

மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த துப்பாக்கி சுடும் வீரர் ஸ்வப்னில் குசாலே மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தார். 2024 ஆகஸ்ட் 1 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில், 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் பிரிவில் வெண்கலம் வென்றார். நிறுவனம் அவருக்கு ஒன்பது ஆண்டுகளாகப் பதவி உயர்வு தரவில்லை என்று அவருடைய பயிற்சியாளர் தீபாலி தேஷ்பாண்டே வெளிப்படையாகவே ஆதங்கப்பட்டார். பதக்கம் வந்த கையோடு ரயில்வே அவருக்குச் சிறப்புப் பணி அதிகாரி பதவி கொடுத்தது. அது நல்ல செய்திதான். நான்காவது இடம் பிடித்திருந்தால் அந்த ஆணை அன்றைக்கு வந்திருக்குமா என்ற கேள்வி எனக்கு உறுத்துகிறது. முகாமுக்குப் போகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஒலிம்பிக் பதக்கம் கிடைக்கப் போவதில்லை. அவர்களுடைய சேவைப் பதிவேடும் சரியாக இருக்க வேண்டாமா?

இதற்கும் மருந்து முதல் கடிதத்தில்தான் இருக்கிறது. 90 நாளும் பணி என்று ஆணை இருந்தால், மதிப்பீட்டு அறிக்கையில் அவர் 'இல்லாத' நாளே இல்லை. என்ன பணி செய்தார் என்று எழுத முகாமின் வருகைச் சான்றிதழும் ஓட்ட நேரங்களும் இருக்கின்றன. துறைத் தேர்வு முகாம் நாள்களில் வந்தால் பாட்டியாலாவுக்குப் பக்கத்து மையத்தில் எழுத அனுமதி கேட்கலாம். அந்தக் கோரிக்கையையும் அதே கடிதத்தின் கடைசிப் பத்தியாகச் சேர்த்துவிடுங்கள். பட்டியல் வரும் முன்பே இந்த வரிகளை எழுதி வைத்துக்கொண்டால், தேதியை மட்டும் நிரப்பி, வாட்ஸ்அப் வந்த அன்று மாலையே கோட்ட அலுவலகத்தின் தபால் பிரிவில் கொடுத்துவிடலாம்.